நீளமான பில் நோட்டீஸை மூன்று வரியாக்குவது: கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் சின்னக் கொம்யூனிகேஷன் கடை ஒன்று நடத்துகிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பில் கட்டுவது என்று நாள் ஓடும். பில் கட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் தாளை நீட்டிவிட்டு, "இதில என்னதான் சொல்றாங்க?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்று விஷயம்: எவ்வளவு, எப்போதைக்குள், கட்டாவிட்டால் என்ன. தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகிலேயே மூன்று வரி எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்த மூன்று வரியைத்தான் கீழே துண்டு என்கிறேன். அந்த வேலையில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

"நோட்டீஸ் ரெண்டு பக்கம் இருக்கு தம்பி. முதல் எதைப் பார்க்கிறது?"

தொகையைத் தேடாதீர்கள். இது வழமையான மாத பில்லா, இல்லை இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம் என்ற அறிவித்தலா என்று முதலில் பாருங்கள். நம் ஆட்கள் 'சிவப்பு நோட்டீஸ்' என்று சொல்வது இரண்டாவது வகையைத்தான். தாள் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சில நேரம் வழமையான பில்லின் அடியிலேயே ஒரு பெட்டி கட்டி, "நிலுவையைச் செலுத்தத் தவறின் இணைப்புத் துண்டிக்கப்படும்" என்று அச்சடித்திருக்கும். அந்த ஒரு வசனம் இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரு தாளில் இரண்டு கடிதம். இரண்டுக்கும் தொகை வேறு, திகதி வேறு.

இது தெரியாமல் மூன்று வரி எழுதினால் வரி ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், சேர்த்துப் படித்தால் பிழையாக இருக்கும். எனக்கே நடந்தது. கடை திறந்த புதிதில் ஓர் அக்காவுக்கு மொத்தத் தொகையையும் பில்லின் கடைசித் திகதியையும் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் சரி, திகதியும் சரி. ஆனால் அந்தத் திகதி அந்த மாதக் கட்டணத்துக்கு உரியது. பழைய நிலுவைக்கு வேறு திகதி, கிட்டத்தட்ட மூன்று கிழமை முந்தியது, கீழே சின்ன எழுத்தில் கிடந்தது. அக்கா என் துண்டை நம்பிச் சம்பளம் வரும்வரை பொறுத்திருந்தார். நடுவில் வந்து லைனை வெட்டிவிட்டார்கள். வெட்ட வந்தவர்களில் பிழையில்லை, என் துண்டில்தான் பிழை. அன்றிலிருந்து அடியிலிருந்து மேலே வாசிக்கிறேன்.

"மொத்தம் எண்டு மூண்டு இடத்தில போட்டிருக்கு. எதைக் கட்டுறது?"

மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். ஒன்று, இந்த மாதம் நீங்கள் பாவித்ததற்கு வந்த கட்டணம். இன்னொன்று, போன மாதங்களில் கட்டாமல் விட்டது, அதாவது நிலுவை. மூன்றாவது இரண்டையும் கூட்டியது. 'செலுத்த வேண்டிய மொத்தத் தொகை' என்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். கடன் முழுதும் தீர வேண்டுமென்றால் அதைக் கட்டுங்கள்.

பெயரை மட்டும் நம்பாமல் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போன பில்லின் மீதியிலிருந்து நீங்கள் கட்டியதைக் கழியுங்கள். அதோடு இந்த மாதக் கட்டணத்தையும் தாமதக் கட்டணம் ஏதும் இருந்தால் அதையும் கூட்டுங்கள். வரும் எண் தாளில் எந்த எண்ணோடு சதம்வரை ஒத்துப் போகிறதோ, அதுதான் உண்மையான மொத்தம். ஒத்துப் போகாவிட்டால் ஏதோ ஒரு வரியை நீங்கள் விட்டிருக்கிறீர்கள், அல்லது நீங்கள் கட்டிய பணம் ஒன்று அவர்கள் கணக்கில் விழவில்லை. எப்படியிருந்தாலும் துண்டு எழுதும் முன்பே தெரிந்துவிடும்.

அரசாங்க வரியைத் தனியாகக் கூட்டப் போகாதீர்கள். மின் பில்லில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று ஒரு வரி வரும். 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத வரி அது. கட்டணத்தை 2.5 ஆல் பெருக்கி 97.5 ஆல் வகுத்து வரும் தொகையைப் போடுவார்கள். அதனால் நேரே 2.5 வீதம் போட்டுப் பார்க்கிறவருக்குச் சில ரூபாய் கூடத் தெரியும், "ஏமாத்துறாங்க" என்பார். ஏமாற்றில்லை. அந்த வரி ஏற்கெனவே இந்த மாதக் கட்டணத்துக்குள் சேர்ந்துவிட்டது. மூன்று வரித் துண்டில் அதற்கு இடமில்லை.

"கடைசித் திகதியே போடேல்லையே. '10 நாட்களுக்குள்' எண்டுதான் இருக்கு."

அப்படியானால் திகதியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். எதிலிருந்து 10 நாள் என்பதுதான் கேள்வி. "இவ்வறிவித்தலின் திகதியிலிருந்து" என்றிருந்தால், தாளில் அச்சடித்திருக்கும் திகதியிலிருந்து எண்ண வேண்டும். தாள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தொடர்மாடியில் இருப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நோட்டீஸ் கீழே காவலாளியின் மேசையில் நாலு நாள் கிடந்துவிட்டு மேலே வரும், வந்தவர் அன்றிலிருந்து 10 நாளை எண்ணத் தொடங்குவார்.

முதல் நாளைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்று குழம்பினால், இரண்டில் எது முந்தி வருகிறதோ அதையே எழுதுங்கள். ஒரு நாள் முந்திக் கட்டியதால் யாருக்கும் கேடு வந்ததில்லை. அப்புறம் கலண்டரைப் பாருங்கள். சனி, ஞாயிறு, போயா எங்கே விழுகிறது என்று பார்த்து, திகதியோடு கிழமையையும் எழுதுங்கள். "17 க்கு முன்" என்பதைவிட "வெள்ளி 16 க்குள்" என்பது மனதில் நிற்கும்.

இன்னொரு விஷயம். 05/06/2025 என்று இருந்தால் அது ஐந்தாம் மாதமா, ஆறாம் மாதமா? இங்கே பெரும்பாலும் நாளை முதலில் போடுவார்கள், அல்லது 2025.06.05 என்று ஆண்டில் தொடங்குவார்கள். ஆனால் சில கணினி பில்களில் மாதம் முன்னுக்கு வந்துவிடும். அதே தாளில் வேறொரு திகதியைத் தேடுங்கள். 12 ஐத் தாண்டிய எண் ஒன்று எந்த இடத்தில் வருகிறதோ, அந்த இடம்தான் நாள்.

"ஒரு நோட்டீஸை எடுத்து முழுசாச் செய்து காட்டுங்களேன்."

சரி. இது யாருடைய பில்லும் அல்ல. கடைக்கு வந்த பல தாள்களைப் பார்த்த அனுபவத்தில் நானே போட்ட உதாரணம். தொகைகளும் தண்ட வீதமும் இந்த உதாரணத்துக்கு மட்டும்தான். உங்கள் தாளில் இருப்பதைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும்.

தாளில் இப்படி இருக்கிறது. பில் திகதி 2025.05.07, முந்திய வாசிப்பு 2025.04.07, அதாவது 30 நாள். மீட்டர் 18,452 இலிருந்து 18,566 க்குப் போயிருக்கிறது, 114 யூனிட். பாவனைக் கட்டணம் 2,840.00 ரூபாய், நிலையான கட்டணம் 1,000.00, வரி 98.46. இந்த மாதக் கட்டணம் 3,938.46. போன பில்லின் மீதி 7,412.20. ஏப்ரல் 18 இல் கிடைத்த பணம் 3,500.00. தாமதக் கட்டணம் 78.24. செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 7,928.90.

இதற்குக் கீழே நாலு பந்தி. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று ஒன்று. இணையத்தில் கட்டலாம் என்று ஒன்று. மாதக் கட்டணத்தைப் பில் திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் செலுத்த வேண்டும், தவறின் நிலுவையாகும் தொகைக்கு மாதம் 2 வீதம் அறவிடப்படும் என்று ஒன்று. கடைசிப் பந்தி, மற்றதைவிடச் சின்ன எழுத்தில்: நிலுவையை இவ்வறிவித்தலின் திகதியிலிருந்து 10 நாட்களுக்குள் செலுத்தாவிட்டால் மேலதிக அறிவித்தலின்றி இணைப்புத் துண்டிக்கப்படும், மீள் இணைப்புக்கு 1,500 ரூபாய் கட்டணம்.

முதலில் கணக்கு. 7,412.20 இலிருந்து 3,500.00 ஐக் கழித்தால் 3,912.20. அதில் 2 வீதம் 78.24, தாளில் உள்ள தாமதக் கட்டணம் அதுவேதான். இரண்டையும் கூட்டினால் நிலுவை 3,990.44. இந்த மாதத்து 3,938.46 ஐச் சேர்த்தால் 7,928.90. சதம்வரை பொருந்துகிறது, எனவே விட்டுப்போன தொகை எதுவும் இல்லை.

கவனியுங்கள், 3,990.44 என்ற எண் தாளில் எங்கேயும் அச்சிடப்படவில்லை. லைனை வெட்டாமல் காப்பாற்றும் தொகை அதுதான், அதையே நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இனித் திகதி. மே 7 இலிருந்து 10 நாள் என்றால் 17 ஆம் திகதி, சனிக்கிழமை. முதல் நாளையும் சேர்த்தால் 16, வெள்ளி. வெள்ளியை எடுக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு மே 12 திங்கள் வெசாக் போயா, 13 செவ்வாயும் விடுமுறை. அதற்கு முந்திய 10, 11 சனி ஞாயிறு. ஆக 10 நாள் என்று கொடுத்ததில் நாலு நாள் வங்கி பூட்டு. வங்கியில் நேரே கட்டுகிறவருக்கு மிச்சம் 8, 9, 14, 15, 16 ஆகிய ஐந்து நாள்தான். மாதக் கட்டணத்துக்கு 30 நாள் கணக்குப் போட்டால் ஜூன் 6, அதுவும் வெள்ளி.

இப்போது துண்டு:

எவ்வளவு: உடனே ரூ. 3,990.44 (பழையது). பிறகு ரூ. 3,938.46 (இந்த மாதம்). இரண்டும் சேர்த்து ரூ. 7,928.90.

எப்போதைக்குள்: பழையது மே 16 வெள்ளி. இந்த மாதத்தது ஜூன் 6 வெள்ளி.

கட்டாவிட்டால்: பழையதைக் கட்டாவிட்டால் லைன் வெட்டு, திரும்பப் போட ரூ. 1,500. இந்த மாதத்ததைக் கட்டாவிட்டால் மாதம் 2 வீதம், கிட்டத்தட்ட ரூ. 79.

மூன்றாவது வரியை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். வீதம் என்ற சொல்லைக் கண்டதும் எல்லோரும் அதைத்தான் தண்டம் என்று எழுதுவார்கள். இங்கே 2 வீதம் என்பது 79 ரூபாய். மீள் இணைப்பு அதைப்போல 19 மடங்கு. அதோடு இருட்டில் ஓர் இரவு, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன். 'தண்டம்: 2%' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாசிப்பவர், "எழுபது ரூபாதானே, பிறகு கட்டலாம்" என்றுதான் நினைப்பார். வீதத்தை ரூபாயாக்கி எழுதுங்கள், எல்லாவற்றிலும் பாரமான விளைவை முதலில் போடுங்கள்.

"பிந்தினா எவ்வளவு எண்டு நோட்டீஸில இல்லையே. நான் என்ன எழுதுறது?"

"தாளில் இல்லை" என்றே எழுதுங்கள். போன வருட பில்லில் இருந்த வீதத்தையோ, பக்கத்து வீட்டார் சொன்னதையோ போடாதீர்கள். கட்டண விதிகள் மாறுகின்றன. மின்சாரத்துக்கு ஒரு மாதிரி, தண்ணீருக்கு ஒரு மாதிரி, தொலைபேசிக்கு வேறு மாதிரி. தாளின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நிபந்தனைகளைப் பின்னால் அச்சடிக்கும் பழக்கம் உண்டு. அங்கேயும் இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மின்சாரத்துக்கு 1987, நீர் வழங்கல் சபைக்கு 1939. கணக்கிலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள், முதலில் கேட்பது அதைத்தான்.

கோட்டே, நுகேகொடை, மொரட்டுவைப் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சாரம் தருவது லெக்கோ. அவர்கள் 1987 க்கு எடுத்துப் பிரயோசனமில்லை, 1910 க்கு எடுக்க வேண்டும். யார் அனுப்பிய பில் என்பதைத் தாளின் தலைப்பில் பாருங்கள்.

"நான் போன மாசமே கட்டிட்டேன். எப்பிடி நிலுவை வரும்?"

மூன்றில் ஒன்று. நீங்கள் கட்டிய பணம் பில் அச்சடித்த பிறகுதான் அவர்கள் கணக்கில் ஏறியிருக்கலாம். மீட்டர் பார்க்க வருகிறவர் கையில் இருக்கும் கருவியில் அன்றுவரை ஏறிய கணக்குத்தான் இருக்கும், முந்தின நாள் மாலை கட்டியது அதில் ஏறியிராது. இரண்டாவது, கணக்கிலக்கத்தில் ஓர் இலக்கம் பிசகி உங்கள் பணம் வேறு யாருடைய பில்லையோ அடைத்திருக்கலாம். மூன்றாவது, முழுத்தொகை கட்டினேன் என்று நினைத்துக்கொண்டு மாதக் கட்டணத்தை மட்டும் கட்டியிருக்கலாம். கவுண்டரில் நான் அதிகம் காண்பது இந்த மூன்றாவதைத்தான்.

ரசீதை எடுத்துத் தாளில் 'கிடைத்த பணம்' என்ற வரியோடு ஒப்பிடுங்கள். தொகையும் திகதியும் இருந்தால் பணம் சேர்ந்துவிட்டது. இல்லாவிட்டால் ரசீதில் உள்ள கணக்கிலக்கத்தை ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பாருங்கள். அது சரியாக இருந்து, பில்லுக்கு ஓரிரு நாள் முன்னால்தான் கட்டியிருந்தால், துண்டில் முதல் வரியை இப்படி எழுதலாம்: "தாளில் ரூ. 7,928.90. மே 6 இல் கட்டிய இன்னொரு 3,500 இதில் இன்னும் கழியவில்லை." உங்கள் பாட்டில் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதாதீர்கள். பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால், அந்தத் துண்டை நம்பி இருப்பவர் லைன் வெட்டும்வரை தெரியாமல் இருப்பார்.

"பழைய நிலுவையை மட்டும் கட்டினா வெட்ட மாட்டாங்களா?"

நோட்டீஸ் நிலுவைக்காக வந்ததென்றால், அந்தத் தொகையை அந்தத் திகதிக்குள் கட்டினால் அந்த நோட்டீஸ் முடிந்தது. கட்டும் பணம் பொதுவாகப் பழைய கடனைத்தான் முதலில் அடைக்கும். ஆனால் சதத்தையும் தாமதக் கட்டணத்தையும் விட்டுவிடாதீர்கள். 3,990.44 க்கு 3,900 கட்டினால் 90.44 நிலுவையாகவே நிற்கும். அப்படி மிஞ்சும்போது நான் சொல்வது: மேலே ஏற்றி 4,000 ஆகக் கட்டுங்கள். கூடுதலாகக் கட்டிய 9.56 எங்கேயும் போகாது, அடுத்த மொத்தத்தில் கழியும்.

"தொகைக்கு முன்னால கழித்தல் குறி இருக்கு. இதுவும் கட்டணுமா?"

இல்லை. அது உங்கள் பணம் அவர்களிடம் இருக்கிறது என்று பொருள். சில தாள்களில் குறி எண்ணுக்குப் பின்னால் வரும். சிலவற்றில் வரவு என்று சொல் இருக்கும். துண்டில் "இந்தத் தடவை கட்டத் தேவையில்லை, கையிருப்பு ரூ. இவ்வளவு" என்று எழுதினால் போதும்.

"தமிழ் எழுத்து அழிஞ்சு போச்சு, சிங்களம் மட்டும்தான் தெளிவா இருக்கு. எதைத் தேடுறது?"

மீட்டர் பார்க்கிறவர் கருவியில் அடித்துத் தரும் தாள் வெயிலில் கிடந்தால் எழுத்து மங்கிப்போவது உண்மைதான். எண்கள் தெரியும், பக்கத்தில் உள்ள சொல் தெரியாது. நாலைந்து சிங்களச் சொற்களைக் காதுக்குப் பழக்கி வைத்துக்கொண்டால், பக்கத்தில் யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கும்போது பிடித்துவிடலாம். 'ஹிங்க முதல' என்றால் நிலுவைத் தொகை. 'கெவிய யுது முதல' என்றால் கட்ட வேண்டிய தொகை. 'அவசான தினய' கடைசி நாள். 'பிரமாத காஸ்து' தாமதக் கட்டணம். 'விசந்தி' என்ற சொல் காதில் விழுந்தால் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள், அதுதான் துண்டிப்பு.

'பிரமாத' என்றதும் நம்மவர்கள் பிரமாதம், அருமை என்று எடுத்துக்கொண்டு சிரித்ததும் உண்டு. அங்கே அது தாமதம்.

புது பில் வந்த அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் தாளில் எதையும் வாசிக்க முடியாமல் போகலாம்.

"வீடு பூட்டியிருந்திச்சு, மீட்டர் பார்க்கேல்ல. ஆனா பில் வந்திருக்கு."

சராசரியை வைத்துப் போட்டிருப்பார்கள். திகதியும் தண்டமும் வழமைபோலத்தான், தொகையையும் கட்டத்தான் வேண்டும். துண்டில் தொகைக்குப் பக்கத்தில் 'சராசரி' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் உண்மையான வாசிப்பு வந்து பில் கூடினாலும் குறைந்தாலும் காரணம் நினைவில் இருக்கும்.

"கடைசி நாள்லயே கட்டலாம்தானே?"

கட்டலாம், ஆனால் எந்த வழியில் என்பதைப் பொறுத்தது. தபாலகத்தில், சூப்பர்மார்க்கெட் கவுண்டரில், என் கடை மாதிரி இடத்தில், வங்கிச் செயலியில் கட்டும் பணம் எல்லாம் ஒரே வேகத்தில் போய்ச் சேர்வதில்லை. நீங்கள் கட்டிய நாளும் அவர்கள் கணக்கில் ஏறிய நாளும் வேறாக இருக்கலாம். மாதக் கட்டணம் என்றால் ஒரு நாள் பிந்தி ஏறினாலும் பெரிதாகத் தெரியாது. துண்டிப்பு நோட்டீஸ் என்றால் நான் துண்டில் இரண்டு நாள் முந்தித்தான் எழுதுவேன். உதாரணத்தில் மே 16 என்று இருந்ததை, கடையில் ஒருவர் கேட்டால், "புதன் 14 இலேயே கட்டுங்க, கடைசி வெள்ளி 16" என்று இரண்டையும் எழுதிக் கொடுப்பேன். முந்திய திகதியை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். பணம் வெள்ளிதான் கிடைக்கும் என்கிறவருக்கு உண்மைத் திகதி தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்த பிறகு கட்டினால் ரசீதை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள், வாசல் பக்கம் வையுங்கள். வெட்ட வருகிறவர் கையில் இருப்பது காலையில் எடுத்த பட்டியல். வீட்டில் ஆச்சி மட்டும் இருந்தாலும் அந்தத் தாளை எடுத்து நீட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

"நாங்க வாடகைக்கு இருக்கிறோம். பில் வீட்டுக்காரர் பேரில வருது. அவருக்கு எப்பிடி அனுப்புறது?"

அவருக்கு மூன்று வரி போதாது, எந்த மாதத்துப் பாவனை என்பதும் வேண்டும். நீங்கள் குடிவந்த நாளுக்கு முந்திய நிலுவை உங்கள் தலையில் விழக்கூடாது. வந்த அன்று மீட்டரில் இருந்த எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தால் ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். "நிலுவை 3,990.44 ஏப்ரல் 7 க்கு முந்தியது, நாங்கள் வந்தது ஏப்ரல் 7, மீட்டர் 18,452. இந்த மாதம் எங்களுடையது 3,938.46. நிலுவைக்குக் கடைசி மே 16, கட்டாவிட்டால் வெட்டு." இப்படி அனுப்பினால் அவருக்குக் கோபப்பட இடமில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: கடன் யாருடையதாக இருந்தாலும் லைன் போவது உங்களுக்கு. திகதி நெருங்கியும் பதில் வராவிட்டால் கட்டிவிட்டு, வாடகையில் கழிக்கப் பேசிக்கொள்ளுங்கள், அதையும் எழுத்திலேயே.

"அம்மாவுக்கு அனுப்பணும். அவ கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து வாசிக்க மாட்டா."

அவருக்குச் சதம் வேண்டாம், ஆனால் மேலே ஏற்றி எழுதுங்கள், கீழே இறக்க வேண்டாம். கணக்கிலக்கத்தைத் தனியாக, நாலு நாலு இலக்கமாக இடைவெளி விட்டு, கடைசியில் போடுங்கள். மேலே போட்டால் அதையே தொகை என்று நினைத்துக் கேட்கிறார்கள், எனக்கு நடந்திருக்கிறது: "தம்பி, என்னடா இவ்வளவு கோடி?" என்று ஒரு மாமி போன் எடுத்தார்.

நான் என் அம்மாவுக்கு அனுப்புவது இப்படி: "அம்மா, கரண்ட் பில். 4,000 ரூபா, வார புதனுக்குள்ள. பிந்தினா வெட்டுவாங்க, திரும்பப் போட 1,500. மிச்சம் 3,940, அடுத்த மாசம் 6 வெள்ளிக்குள்ள, அதுக்கு அவசரமில்லை." நோட்டீஸின் படத்தையும் கூடவே அனுப்புவேன். அவர் வாசிக்க அல்ல. கவுண்டரில் இருக்கிறவர் என் துண்டை நம்பாமல் மூலத்தைக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.